யாருடைய காது

லீலாவதி மேடம் என்னை ‘நீங்க’ என்று அழைத்ததுமே ஏதோ வம்பு என்று தெரிந்துவிட்டது. மூன்று வருடமாக அவர்தான் என் ஆய்வுக்கு வழிகாட்டி. சாதாரண நாளில் ‘நீ’, கோபம் வந்தால் ‘டேய்’. அவர் மரியாதை கொடுத்துப் பேசி நான் கேட்டது ஒருமுறைதான், அதுவும் துறையின் ஏசியைக் கழற்றிக்கொண்டு போய் இரண்டு மாதம் ஆளையே காணாத மெக்கானிக்கிடம்.

“இளஞ்செழியன், கதவ சாத்திட்டு வந்து உக்காருங்கோ.”

உட்கார்ந்தேன். மேசைமேல் நான் கொடுத்த தாள்கள் பதினான்கும் வரிசையாக விரித்துக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் சிவப்பு வட்டம்.

“இது யார் காது?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. புரியாத மாதிரி நடிக்கிறேன் என்று அவர் நினைத்தது மட்டும் முகத்திலேயே தெரிந்தது.

என் ஆய்வு என்னவென்று சொல்லாவிட்டால் இந்த வம்பு விளங்காது. ‘பையன் ஓடினான்’, ‘பையன் விழுந்தான்’ என்று இரண்டு வாக்கியம். இரண்டிலும் ஓர் ஆள், ஒரு வினை, செயப்படுபொருள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள். மொழியியல்காரர்கள் விடவில்லை. ஓடு, சிரி, தும்மு, இருமு, குரை போன்றவற்றில் எழுவாய் உண்மையிலேயே எழுவாய்தான். விழு, உடை, காய், வா போன்றவற்றில் அப்படியில்லை. அங்கே எழுவாய் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது செயப்படுபொருளாகப் பிறந்த ஆசாமி. நாற்காலி காலியாக இருந்ததால் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். என்னைப் போலச் சந்தேகப் புத்தி உள்ளவனுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது என்றுதான் இதை எடுத்தேன்.

வினையின் பொருளை வைத்து மட்டும் இவர்களைப் பிரிக்க முடியாது. யாரும் வேண்டுமென்று தும்முவதில்லை, இருந்தும் தும்மல் முதல் வகை. நாமாகத்தான் ஓர் இடத்துக்கு வருகிறோம், இருந்தும் வருவது இரண்டாம் வகை. அதனால் வாக்கியத்துக்குள் பொறி வைத்துத்தான் பிடிக்க வேண்டும். இந்தியில் நல்ல பொறிகள் உண்டு. ‘கிரா ஹுவா பேட்’ என்றால் விழுந்த மரம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதே அச்சில் ஓடின பையனை ‘தௌடா ஹுவா லட்கா’ என்று சொல்லிப் பாருங்கள், இந்திக்காரன் முகத்தைச் சுளிப்பான். அந்த ‘ஹுவா’ இரண்டாம் வகையோடு ஒட்டும், முதல் வகையோடு ஒட்டாது. இன்னொரு பொறி ‘நே’. ‘முன்னா ரொட்டி தின்றான்’ என்று நடந்து முடிந்ததைச் சொல்லும்போது முன்னாவுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற துண்டு அது. செயப்படுபொருள் இல்லாத வினைகளில் தும்மல், இருமல் மாதிரி சிலவற்றுக்கு மட்டும், அதுவும் சிலர் வாயில் வரும், சிலர் வாயில் வராது. விழுவதற்கு யார் வாயிலும் வராது.

தமிழில் ‘விழுந்த மரம்’ சரி, ‘ஓடின பையன்’ என்பதும் சரி. அந்தப் பொறி நம்மிடம் வேலை செய்யாது. அப்படியானால் தமிழோடு டெல்லிக்கு வந்து, தெருவிலும் வேலை செய்யும் வீடுகளிலும் இந்தி கற்றுக்கொண்டவர்கள் காதில் இந்த வித்தியாசம் விழுகிறதா? இதுதான் என் கேள்வி. இதற்காகத்தான் எங்கள் சின்னசேலம் பக்கத்து ஆட்கள் நிறைய இருக்கிற ஒரு கேம்ப்புக்கு, வாய்க்கால் ஓரத் தகர வீடுகளுக்கு, திங்கள்தோறும் மதியம் போனேன். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் அந்த நேரத்தில்தான் சற்று ஓய்வாக இருப்பார்கள். குடியிருப்போர் சங்கத்துக் கொட்டகையில் ஒவ்வொருவராக உட்கார வைத்து, வாக்கியத்தை வாசித்து, சரியா தப்பா என்று கேட்டுப் பென்சிலில் குறித்துக்கொண்டேன். குரலைப் பதிவு செய்ய மட்டும் ஒருவரும் சம்மதிக்கவில்லை.

முடிவு தங்கமாக வந்திருந்தது. ஹுவா பொறியில் ஒருவர்கூடத் தவறவில்லை. ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

“ஹுவா எல்லாம் சரி, நன்னா கத்துண்டிருக்கான்னே வச்சுக்கலாம்” என்றார் மேடம். “இந்த வட்டத்தப் பாருங்கோ. முன்னா நே சீங்க்கா. தும்மினான். பதினாலு பேரும் சரிங்கறா. முன்னா நே கான்ஸா. இருமினான். பதினாலு பேரும் தப்புங்கறா. கரோல் பாக்ல ஒரே வீட்டுல பொறந்து வளர்ந்த எனக்கும் என் தங்கைக்குமே இதுல ஒத்துப்போகாது. தும்மலுக்கு நே போடுவேன், இருமலுக்குப் போடமாட்டேன்னு ஒருத்தர் சொன்னா அது அவரோட காது. பதினாலு பேர் சொன்னா?”

“மேடம்...”

“நீங்களே ரூம்ல உக்காந்து டிக் பண்ணினேளா?”

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இல்லை என்றேன். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. உண்மையைச் சொல்லும்போது மட்டும் ஏன் என் தொண்டை இப்படிக் காலை வாருகிறது என்று தெரியவில்லை.

“கமிட்டில இன்னும் ரெண்டு பேர் இருக்கா. நான் பாத்தத அவாளும் பாப்பா. தரவு இட்டுக்கட்டினதுன்னு ஒரு வரி எழுதினா போறும், பிஎச்டி மட்டும் இல்ல, இந்தத் துறையிலயே எங்கயும் உங்களச் சேத்துக்கமாட்டா. இந்தக் காது யாருதுன்னு கண்டுபிடிச்சு என் முன்னாடி கொண்டு வாங்கோ. இல்லேன்னா உங்களுதுன்னுதான் நான் எடுத்துக்கணும்.”

வெளியே வந்தேன். அவமானம் ஆத்திரமாக மாற, என் அறை இருக்கிற முனிர்கா போய்ச் சேரும் நேரம் போதுமானதாக இருந்தது. யாரோ என் தாளில் கை வைத்திருக்கிறார்கள். யார்?

முதலில் என் அறைத்தோழன் பிரதீப்தான் கண்ணில் பட்டான். மீரட்காரன், என் துறையிலேயே படிக்கிறவன். தாள்களை எல்லாம் அவன்தான் கணினியில் ஏற்றினான், சும்மா, ஒரு டீக்குக்கூட ஆசைப்படாமல். அதுவே இப்போது எனக்கு உறுத்தியது. எவன் சும்மா செய்வான்? வரப்போகும் ஆய்வுத் திட்டத்தில் ஓர் இடம்தான் காலி, அதற்கு இருவருமே மனுப் போட்டிருந்தோம். பென்சில் குறியை அழித்து மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? ஹுவா வாக்கியங்களையும் அவனே அழகாக்கி, தும்மலில் மட்டும் தன் காதை அறியாமல் காட்டிக்கொடுத்திருப்பான். நினைக்க நினைக்கப் பொருந்தியது. சந்தேகம் வந்துவிட்டால் எனக்கு எல்லாமே பொருந்தும்.

நேராகக் கேட்டால் உஷாராகிவிடுவான். அன்று சாயங்காலம் ஜன்னலைச் சாத்திவிட்டு, சட்டினிக்கு என்று சொல்லி ஒரு கைப்பிடி காய்ந்த மிளகாயை எண்ணெய் விடாமல் வறுத்தேன். அவனுடைய அம்மா போன் பண்ணுகிற நேரம் அது. நெடி ஏறியது. பிரதீப் போனும் கையுமாகத் தும்மினான், இருமினான், கண்ணைக் கசக்கினான். யார் அங்கே இப்படி என்று அவன் அம்மா பதறியிருக்க வேண்டும்.

“மைனே கான்ஸா, மா. சீங்க்கா பீ மைனே” என்றான். நான்தான் இருமினேன், தும்மியதும் நான்தான்.

‘மைனே’ என்று இருமலுக்கும் நே போட்டான். நான் அடுப்படியில் நின்றபடி கையிலிருந்த துண்டுக் காகிதத்தில் அதைக் குறித்தேன். தாளில் இருக்கிற காதுக்கு இருமலில் நே ஆகாது. அப்படியானால் அது இவன் இல்லை.

போனை வைத்துவிட்டு வந்தவன் காகிதத்தைப் பார்த்தான். அடுப்பைப் பார்த்தான். அவனும் மொழியியல் படிக்கிறவன்தானே, விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“என்னையா சோதிச்ச?” என்று இந்தியில் கேட்டான். “உன் தாள நான் மாத்துவேன்னு நினைச்சியா?”

சட்டினி என்று முணுமுணுத்தேன். அவன் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டான். அதன் பிறகு ஒரே அறையில் இரண்டு ஊமைகளாக இருந்தோம். தப்பு என்னுடையது என்று தெரிந்தும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவன் உடனே மன்னித்துவிடுவான், அதையும் சந்தேகப்படுவேன்.

மிச்சம் இருந்தது கேம்ப். அடுத்த திங்கள் புது வாக்கியங்களோடு போனேன். கொட்டகையில் சங்கத் தலைவர் பச்சைமுத்து மேஸ்திரி வாசலோரம் பீடியோடு உட்கார்ந்திருந்தார். எப்போதும் அங்கேதான் உட்காருவார், எனக்குத் துணையாக என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பதினான்கு பேரில் ஒருவரான முத்துமாரி அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“இன்னொரு தடவையா தம்பி? போன தடவ சொன்னது தப்பாப் போச்சா?”

“தப்பெல்லாம் இல்லக்கா. இது வேற.”

“வேறன்னா, எதுக்கு?” பச்சைமுத்து பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

“படிப்புக்குத்தான்.”

“ம்” என்றார். அந்த ‘ம்’மில் நம்பிக்கை துளியும் இல்லை.

லீலாவதி மேடம் முதல் நாளே எங்களுக்கு மண்டையில் ஏற்றிய பாடம் ஒன்று உண்டு. கேள்வி கேட்கிறவன் முகத்தில் விடை தெரியக் கூடாது. தப்பு வாக்கியத்தை வாசிக்கும்போது நம்மை அறியாமல் புருவம் சுருங்கும், எதிரில் இருப்பவர் அதைப் பார்த்துவிட்டுத் தப்பு என்பார். அதனால் தலையைக் குனி, தாளை மட்டும் பார், ஒரே குரலில் வாசி. இந்தப் பாடத்தை நான் வேதவாக்காகக் கடைப்பிடித்திருந்தேன். பதினான்கு பேரிடமும் ஒருமுறைகூடத் தலை நிமிரவில்லை. என் முகத்திலிருந்து ஒன்றும் கசியாமல் பார்த்துக்கொண்டதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

அன்று வேண்டுமென்றே நிமிர்ந்தேன்.

“டூட்டா ஹுவா கப்” என்று வாசித்தேன். உடைந்த கப். முத்துமாரி அக்காவின் கண் என் முகத்தில் இல்லை. என் தோளுக்கு மேலே எங்கேயோ போய் நின்று, திரும்பி வந்தது.

“சரி” என்றார்.

“நாச்சா ஹுவா லட்கா.” நடனமாடிய பையன். கண் மறுபடியும் என் தோளைத் தாண்டியது. நான் சட்டென்று திரும்பினேன்.

பின்னால், தண்ணீர் டிரம் பக்கத்தில், அக்காவின் மகள் தமிழ்செல்வி நின்றுகொண்டிருந்தாள். தலை பாதி ஆடிய நிலையில் அப்படியே நின்றுவிட்டது. இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்த தலை. தப்பு என்று சொல்கிற தலை.

தமிழ்செல்விக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். டெல்லியிலேயே பிறந்தவள், கரோல் பாகில் ஒரு சுடிதார் துணிக்கடையில் வேலை. அங்கே திங்கள் கடை லீவு. நான் போன ஒவ்வொரு திங்களும் தண்ணீர் பிடிக்க, பாத்திரம் கழுவ, யாருடைய குழந்தையையோ தூங்க வைக்க என்று அவள் என் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறாள். நான் குனிந்த தலை நிமிராத நல்ல மாணவனாக உட்கார்ந்திருக்க, பதினான்கு பேரும் என் தலைக்கு மேலே அவளைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

“நீதானா?” என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

“அந்தப் புள்ளைய மிரட்டாதீங்க தம்பி” என்று எழுந்தார் பச்சைமுத்து.

“மிரட்டலண்ணே. என் படிப்பே போகப்போகுது. எதுக்கு இப்படிப் பண்ணீங்க?”

தமிழ்செல்விதான் டிரம்மை விட்டு முன்னால் வந்தாள்.

“நீங்க வந்தவுடனே என்ன கேட்டீங்க அண்ணா? பேரு என்ன, எந்த ஊரு, டெல்லிக்கு எந்த வருஷம் வந்தீங்கன்னு கேட்டீங்களா இல்லையா? அப்புறம் இந்தி சஹி ஹை யா கலத்னு, சரியா தப்பான்னு டெஸ்ட் வெச்சீங்க. அந்தப் பக்கத்து கேம்ப்ப புல்டோசர் வெச்சு இடிக்கறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் பேப்பர் எடுத்துட்டு வந்தாங்க. இடிச்ச வீட்டுக்குப் பதிலா யாருக்கு ஃப்ளாட், யாருக்கு இல்லன்னு லிஸ்ட் போடறாங்க. எங்கம்மா பேசற இந்தியக் கேட்டா வெளியூர்னு பேர ஈஸியா அடிச்சிடுவாங்க. அதான் நான் நின்னேன்.”

“நான் காலேஜ்னு சொன்னேனே.”

“அவங்களும் ஏதோ என்ஜிஓன்னுதான் சொன்னாங்க.”

எனக்குக் கோபம் வடிந்து, அந்த இடத்தில் ஒரு மாதிரி வெறுமை வந்தது. நான் ஆராய்ச்சி என்று நினைத்ததை இவர்கள் வீட்டுக்கான பரீட்சையாக எழுதியிருக்கிறார்கள். பாஸ் பண்ணவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. ஒரு காதைப் பதினான்கு பேருக்குப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

ஆனாலும் என் தலை தப்ப வேண்டுமே. அவளிடம் மெதுவாகக் கேட்டேன். “எங்க மேடம்கிட்ட ஒரே ஒரு தடவ வந்து இந்த வாக்கியத்துக்கெல்லாம் பதில் சொல்லு. அவ்வளவுதான். இது உன் காதுன்னு அவங்களுக்கே தெரிஞ்சிடும். வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, என் மேல சத்தியம்.”

அவள் பச்சைமுத்துவைப் பார்த்தாள். அவர் பீடியை மிதித்து அணைத்தார். இருவரும் டிரம்முக்கு அந்தப் பக்கம் போய் நின்று பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து “வர்றேன்” என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவே இல்லை.

அடுத்த திங்கள் அவள் வந்தாள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. முத்துமாரி அக்கா துறையின் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். தமிழ்செல்வி உள்ளே வந்து, நாற்காலியின் நுனியில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடைக்குப் போகிற மாதிரி நல்ல சுடிதார் போட்டிருந்தாள். லீலாவதி மேடம் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார், வாக்கியத் தாளைக் கையில் எடுத்தார், தலையைக் குனிந்துகொண்டார். நான் சுவரோரம் நின்றேன். பார்க்கவே கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த முறை யாரும் என் முகத்தைப் படித்தார்கள் என்று வரக் கூடாது.

“கிரா ஹுவா பேட்.”

“கலத்” என்றாள் தமிழ்செல்வி. தப்பு.

நான் திரும்பிவிட்டேன். விழுந்த மரத்தைத் தப்பு என்று சொல்கிற ஆள் இந்த ஊரில் கிடையாது. மழைக்காலத்தில் டெல்லியில் பாதிச் சாலையில் கிரா ஹுவா பேட்தான் கிடக்கும்.

“தௌடா ஹுவா லட்கா.”

“சஹி.” சரி.

“சூக்கா ஹுவா பத்தா.” காய்ந்த இலை.

“கலத்.”

“முன்னா நே சீங்க்கா.”

அவள் கொஞ்சம் நிறுத்தினாள். “கலத்.”

“முன்னா நே கான்ஸா.”

“சஹி.”

டிரம்முக்குப் பின்னால் பேசியது இதுதான். போ, ஆனால் மாட்டிக்கொள்ளாதே. சொல்லிக்கொடுத்தது நீ என்று மட்டும் தெரியக் கூடாது. நான் கடைசியாகப் பிடித்துக்கொண்டிருந்த கயிற்றை அவள் என் கண் முன்னாலேயே அறுத்துக்கொண்டிருந்தாள், அதுவும் என்னை ஒருதரம்கூடப் பார்க்காமல். அவளைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. அதற்குள் மேடம் அடுத்த வாக்கியம், அடுத்த வாக்கியம் என்று ஒரே குரலில் வாசித்துக்கொண்டே போனார். ‘முன்னா நே ஆயா’, முன்னா வந்தான், அதற்கும் நே சரியாம். அதைச் சொல்லும்போது அவள் குரலே கூசியது. கடைசி வாக்கியம் வரை ஒரே கதைதான். முடிந்தது என்று மேடம் தாளைக் கீழே வைத்தார்.

வைத்துவிட்டு, கேம்ப்பில் நான் குறித்த தாள்களில் மேலே இருந்ததை இழுத்து இதன் பக்கத்தில் வைத்தார். விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார். அவர் உதட்டோரம் மெல்ல விரிந்தது. முதலில் எனக்கு அது கேலி என்றுதான் பட்டது.

“இங்க வாடா” என்றார்.

போனேன்.

“ஒண்ணாவது பொருந்தறதா பாரு.”

பார்த்தேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அதில் டிக் இருந்த இடத்திலெல்லாம் இதில் பெருக்கல் குறி. அதில் பெருக்கல் இருந்த இடத்திலெல்லாம் டிக்.

“இந்தி தெரியாதவா சொன்னா பாதி சரியா வரும், பாதி தப்பா வரும். ஒண்ணுவிடாம எல்லாத்தையும் தலகீழா சொல்லணும்னா எல்லாமே தெரிஞ்சிருக்கணும். தும்மலும் இருமலும்கூட எதிர்ப்பக்கம் மாறி உக்காந்திருக்கு.” அவர் தமிழ்செல்வி பக்கம் திரும்பினார். “உன் காதுதாம்மா இது. நீ என்ன பண்ணினாலும் அத மறைக்க முடியல.”

எனக்கு மூச்சு வந்தது. சிரிப்பும் வந்தது, சுவரில் சாய்ந்துகொண்டேன். நான் திருடன் இல்லை. அவ்வளவுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

தமிழ்செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் சிரிப்பைப் பார்த்து அவளுக்கு வேறொன்று புரிந்திருக்கிறது.

“அப்போ எங்க பேரெல்லாம் அடிச்சிடுவீங்களா?”

“எந்தப் பேரும்மா? இது வேற. வீட்டுக்கும் எங்களுக்கும் ஒண்ணுமே கிடையாது” என்றார் மேடம்.

“சம்பந்தம் இல்லன்னா எங்க பதிலையெல்லாம் ஏன் வெச்சிருக்கீங்க? எங்க கேம்ப் ஆளுங்க பேர் இருக்கு, பொறந்த ஊர் இருக்கு. இப்ப நாங்க ஏமாத்தினதும் தெரிஞ்சு போச்சு. அந்தப் பேப்பர எல்லாம் குடுத்துடுங்க மேடம்.”

மேடம் என்னைப் பார்த்தார். “பங்கெடுத்துக்கறவா எப்ப வேணும்னாலும் திருப்பி வாங்கிக்கலாம். விதி அது. ஆனா வெளில உக்காந்திருக்கற இவ அம்மா தன்னோடத மட்டும்தான் கேக்கலாம். மத்தவா பேருக்கு இவ கேக்க முடியாது. உன் இஷ்டம்.”

என் இஷ்டம். அந்தத் தாள்கள் போனால் என் ஆய்வே போகும். மூன்று வருடத்தில் நான் காட்டக்கூடியது அது ஒன்றுதான். அந்தத் தாளும் இந்தத் தாளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கமிட்டியில் யாரும் என்னை விரல் நீட்டிக் கேட்க முடியாது. இல்லாவிட்டால் மேடத்தின் வாய்ச்சொல் ஒன்றை நம்பித்தான் நான் நிற்க வேண்டும். விதியைக் காட்டி மறுத்துவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைப்பானேன்.

அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். பையின் வார் விரலில் சுற்றியிருந்தது.

பதினான்கையும் அள்ளி அவளிடம் கொடுத்தேன். மேடம் தான் குறித்த தாளையும் அதன்மேல் வைத்தார். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டி, பேர்களை வாய்க்குள் சொல்லிச் சரிபார்த்துப் பையில் திணித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். “இருக்கு” என்றேன். “என் ஃபிரெண்டு கம்ப்யூட்டர்ல.”

அவள் முன்னாலேயே பிரதீப்புக்குப் போன் போட்டேன், ஸ்பீக்கரில் வைத்தேன். அந்தத் தரவு முழுவதையும் அழித்துவிடு என்றேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. இன்னும் என்மேல் கோபம். கொஞ்ச நேரம் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. “அழிச்சிட்டேன்” என்று இந்தியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவ்வளவுதான், என் மூன்று வருடம்.

“போதுமா?” என்றேன்.

தமிழ்செல்வி எழுந்தாள். கதவு வரை போய் நின்றாள்.

“அழிச்சிட்டேன்னு அவர் சொன்னார். நிஜமா அழிச்சாரான்னு எனக்கு எப்படித் தெரியும் அண்ணா?”

அவள் வம்புக்குக் கேட்கவில்லை. விடை இருந்தால் வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் நின்றாள். மிளகாய் வறுத்தவன் நான், அவள் இடத்தில் இருந்தால் இதையேதான் கேட்டிருப்பேன்.

“தெரியாதுதான்” என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனாள். வராந்தாவில் முத்துமாரி அக்கா எழுந்து, என்ன ஆச்சு என்று அவளைக் கேட்பது கேட்டது. கதவிடுக்கில் என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்.